ஸ்பார்க் பிளக் கறுத்தால் அதன் நம்பரை மாற்றுவதற்கு முன் இடைவெளியை அளந்து பாருங்கள்

100 முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, சிக்னலில் நிற்கும்போது மிஸ் அடிக்கிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு திணறல். பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்கக் காய்ந்த கரி. உடனே வரும் யோசனை, “இது கூலான பிளக், ஒரு நம்பர் ஹாட்டாகப் போட்டால் கரி எரிந்துவிடும்” என்பது. பெரும்பாலும் இது தவறான வைத்தியம்.

அந்த நம்பர் குறிப்பது ஹீட் ரேஞ்சை. அது பிளக் எவ்வளவு சூடான பொறி தருகிறது என்பதல்ல. எரிஅறையில் வாங்கிய வெப்பத்தை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதே. ஹாட் பிளக்கில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருக்கும். வெப்பம் இரும்பு உடலைச் சேர நெடுவழி போகவேண்டியிருப்பதால் முனை சூடாகவே இருக்கும். கூல் பிளக்கில் மூக்கு குட்டை, வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும். முனை ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் படியும் கரி தானாக எரியும். 800 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் முனையே கங்குபோல் கனன்று, பொறி விழுமுன்னே கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டு எல்லைக்குள் முனையை வைத்திருக்கத்தான் கம்பெனி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது.

அந்த எண்ணைப் படிப்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூடக் கூல். பாஷ், சாம்பியனில் எண் கூடக்கூட ஹாட். வேறு கம்பெனிப் பிளக் வாங்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் நேர் எதிர்த் திசையில் போய்விடுவீர்கள். அந்தக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் உங்கள் வண்டி மாடலைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 110 சிசி வண்டி. கையேட்டில் என்ஜிகே-யின் CPR8EA-9 என்று இருக்கிறது. இதில் 8 என்பது ஹீட் ரேஞ்ச். R என்பது உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்பதற்கு அடையாளம். E என்றால் மரை நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 9, நடு முனைக்கும் பக்கத்துக் கொக்கிக்கும் உள்ள இடைவெளி 0.9 மி.மீ. என்பதைச் சொல்கிறது. வண்டி தினமும் ஓடுவது பள்ளிக்கும் கடைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர். இன்ஜின் முழுச்சூடு ஏறுமுன்பே நிறுத்தப்படுகிறது. பிளக்கில் கரி.

இங்கே 8-க்குப் பதில் 6 போட்டால் என்ன ஆகும்? ஒரு எண் மாறினாலே முனை வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி வரை நகரலாம். தெருவுக்குள் ஓடும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். என்றாவது பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் ஏற்காடு மலை ஏறும்போதுதான் விவகாரம் தெரியும். முழு ஆக்சிலேட்டர், குறைந்த வேகம், காற்றோட்டம் போதாத இன்ஜின். முனை எல்லை தாண்டினால் பிஸ்டன் தலை உருகும் அளவுக்குப் போகலாம்.

ஆகவே எண்ணைத் தொடாமல் முதலில் கரியின் காரணத்தைத் தேடுங்கள். அடைத்த ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் வண்டியானால் முழுதாகத் திரும்பாத சோக், இவை இரண்டும் கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஊட்டி போன்ற உயரத்தில் கார்புரேட்டர் வண்டிக்குக் காற்றின் அடர்த்தி குறைவே அந்த வேலையைச் செய்யும். அங்கே திருத்தவேண்டியது கலவை. கரி காய்ந்திராமல் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ பாருங்கள். அதை எந்தப் பிளக்கும் சரிசெய்யாது.

அடுத்தது இடைவெளி. ஒவ்வொரு பொறிக்கும் மின்முனை துளித்துளியாகத் தேய்கிறது. நம் சிறிய வண்டிகளில் பலவற்றில் எரிப்பு இல்லாத சுற்றின்போதும் ஒரு வீண் பொறி விழுவதால் தேய்மானம் இன்னும் அதிகம். 0.9 இருந்த இடம் 1.1 ஆகிவிட்டால், அதைத் தாண்ட காயில் கூடுதல் மின்னழுத்தம் தரவேண்டும். அழுத்தப்பட்ட கலவைக்குள் இது இன்னும் கடினம். அதனால்தான் வெளியே கழற்றி ஹெட்டில் சாய்த்துக் கிக்கரை உதைத்தால் “நீலமாக அடிக்கிறதே” என்று தோன்றும் பிளக், உள்ளே போய் லோடு ஏறியதும் மிஸ் அடிக்கிறது. வெளியே நடத்தும் அந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இடைவெளி குறைந்தாலும் தொல்லைதான். பொறி தவறாமல் விழும், ஆனால் குட்டைப் பொறி. ஐடிலில் கலவை சரியாகப் பற்றாமல் இன்ஜின் நடுங்கும்.

அளக்க ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அதன் கனம் ஏறக்குறைய 0.63 மி.மீ. 0.6 முதல் 0.7 வரை கேட்கும் பழைய பிளக்குகளுக்கு அது தற்செயலாகப் பொருந்தியது. 0.8 முதல் 0.9 கேட்கும் பிளக்கை அதற்கு ஒட்டத் தட்டினால் கால் பங்கு இடைவெளி காணாமல் போய்விடும். ஃபீலர் கேஜ் வாங்க அதிகச் செலவில்லை. பழைய பிளக்குக்குத் தட்டைத் தகட்டைவிடக் கம்பி வடிவ கேஜ் நல்லது. தேய்ந்த முனையில் விழுந்திருக்கும் குழியைத் தகடு தாண்டிப் போய்விடும். அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும், உண்மை இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும்.

சரிசெய்யும்போது வளைக்கவேண்டியது பக்கத்துக் கொக்கியை மட்டுமே. கூட்ட, கேஜில் இருக்கும் வளைப்பானால் கொக்கியை மெல்லத் தூக்குங்கள். நடு முனையில் ஸ்க்ரூடிரைவரை முட்டுக்கொடுத்து நெம்பினால் உள்ளே பீங்கான் கீறிவிடும்; வெளியே தெரியாது, மின்சாரம் கசியும். குறைக்க, பிளக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கடினமான பரப்பில் கொக்கியை இலேசாகத் தட்டி, தட்டித் தட்டி அளந்து பாருங்கள். 0.85 மி.மீ. கம்பி சிறு உரசலோடு போய் வந்தால் போதும். கொக்கி நடு முனைக்கு இணையாக இருக்கிறதா என்பதையும் பக்கவாட்டில் பாருங்கள். இது சாதாரண நிக்கல் பிளக்குக்கு. நுண்ணிய இரிடியம் முனை எளிதில் முறியும் என்பதால் அதைத் தட்ட வேண்டாம், சரியான இடைவெளியோடு வருவதையே வாங்குங்கள். நடு முனையின் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் நிக்கல் பிளக்கையும் அளந்துகொண்டிருக்காமல் அதே எண்ணில் புதிதாக மாற்றிவிடுங்கள். பொறி கூர்விளிம்பிலிருந்து எளிதாகத் தாவும்.

மாற்றும்போது மரை நீளத்தைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். CR8HSA-வில் H என்றால் 12.7 மி.மீ. அதற்கும் நம் உதாரணப் பிளக்குக்கும் மரை விட்டம் ஒன்றே, 10 மி.மீ.; ஸ்பானரும் ஒன்றே, 16. அதனால் நீளமானது குட்டை ஹெட்டில் தடையில்லாமல் ஏறிவிடும், முனை பிஸ்டனில் இடிக்கலாம். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் R இல்லாத பிளக் போட்டால் பொறி எழுப்பும் மின்குறுக்கீடு பெட்ரோலை அளந்துவிடும் இசியு-வைக் குழப்பலாம்.

இறுக்கம் சரியில்லாவிட்டால் சரியான எண்ணும் வீண். முனையின் வெப்பம் பெரும்பாலும் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. தளர்ந்த பிளக் எண் 8 ஆனாலும் ஹாட் பிளக் போலவே நடந்துகொள்ளும். பீங்கான் வெளுத்து, கொப்புளம்போலப் புள்ளிகள் தெரியும். குளிர்ந்த இன்ஜினில், சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிட்டு, கையாலேயே முழுக்கச் சுற்றுங்கள். பிறகு 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் புது வாஷருக்குக் கைக்கு இறுகியதிலிருந்து அரைச் சுற்று, ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்கு எட்டில் ஒரு சுற்று. மரையில் கிரீஸ் தடவினால் அதே விசைக்கு அதிகம் இறுகி, அலுமினிய மரை உரியும்.

பிறகு வண்டியை அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் நின்றபின் பார்த்தால் கறுப்புத்தான் தெரியும், அதை நம்பக்கூடாது. இளம்பழுப்பு வந்திருந்தால் எண் சரி, கலவை சரி. இத்தனைக்குப் பிறகும் கறுப்பாக இருந்து, உங்கள் கையேட்டிலேயே குளிர்ப்பகுதிக்கோ குறுகிய ஓட்டத்துக்கோ 7 என்று மாற்று எண் அச்சிட்டிருந்தால், அப்போது ஒரே ஒரு படி இறங்கலாம். நெடுந்தூரம் கிளம்புமுன் பழைய 8-ஐ மீண்டும் மாட்டிவிடுங்கள்.