மெட்டாடார்சல் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் – அடி படாமலே பாதத்துல எலும்பு விரிசல் விடுறது

ஸ்ட்ரெஸ்னு கேட்டதும் நம்மாளுங்க டென்ஷன்தான் நினைப்பாங்க, டென்ஷன்ல எங்கயாச்சும் எலும்பு ஒடையுமான்னு கேட்டவங்களும் உண்டு. இங்க ஸ்ட்ரெஸ்னா ஸ்கூல் இயற்பியல் புக்ல வர்ற "தகைவு", அதாவது ஒரு பொருள் மேல வெளியில இருந்து விசை விழும்போது அது உள்ளுக்குள்ள ஓரலகு பரப்புக்குத் தாங்குற விசை. ஒரே அடியில இல்லாம, திரும்பத் திரும்ப பாரம் விழுந்து எலும்புல வர்ற விரிசல்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதனால தகைவு முறிவுன்னு சொல்லலாம். ஆஸ்பத்திரியில "ஹேர்லைன் ஃப்ராக்சர்"னு சொல்றதுல சிலது இதுதான், ஆனா மயிரிழை முறிவுங்கறது கோடு எவ்ளோ மெலிசுன்னு மட்டும்தான் சொல்லும், ஏன் வந்துச்சுன்னு சொல்லாது.

மெட்டாடார்சல் கிரேக்கத்துல இருந்து வந்த வார்த்தை. மெட்டான்னா அடுத்து, டார்சோஸ்னா தட்டையான பாதப்பகுதி. தமிழ்ல அனுகணுக்கால் எலும்புன்னு எழுதுறாங்க, பொருள் சரிதான் ஆனா வாயில நுழையல, பேசும்போது "விரலுக்குப் பின்னாடி இருக்குற நீள எலும்பு"ன்னு சொன்னா யாருக்கும் புரியும். ஒவ்வொரு பாதத்துலயும் அஞ்சு இருக்கு, கட்டைவிரல் பக்கத்துல இருந்து எண்ணணும்.

இதுக்கு இன்னொரு பேரு மார்ச் ஃப்ராக்சர், அதாவது அணிநடை முறிவு. 1855ல பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ டாக்டர், புதுசா சேர்ந்த சிப்பாய்ங்க நீண்ட தூரம் நடந்த பிறகு பாதம் வீங்கி வலிக்குதுன்னு எழுதி வச்சார். அப்ப எக்ஸ்ரேயே கிடையாது, அதனால தசைநார் வீக்கம் மாதிரி ஏதோன்னுதான் நினைச்சாங்க. எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 1897லதான் அது எலும்பு முறிவுன்னு படத்துல தெரிஞ்சுது.

நம்ம ஊர்ல இதுக்கு பாதயாத்திரைய எடுத்துக்குங்க. தினமும் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் மட்டும் நடக்குற 45 வயசுக்காரர், மதுரையில இருந்து தைப்பூசத்துக்குப் பழனி கிளம்புறார்னு வைங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல, நாலஞ்சு நாள், அதுவும் வெறுங்கால்ல. எலும்பு ஒண்ணும் செத்த கட்டை இல்ல, பாரம் கூடினா பழசக் கரைச்சுட்டு புதுசு கட்டும். ஆனா கரைக்கிற வேலை சில வாரத்துல முடிஞ்சிடும், கட்டுற வேலைக்கு மாசக்கணக்குல ஆகும், ரோட்ட தோண்டிப் போட்டுட்டு தார் போடறதுக்குள்ள லாரி விட்ட கதைதான். ரெண்டாவது மூணாவது எலும்புதான் அதிகமா மாட்டும். ரெண்டாவதோட அடிப்பகுதி பக்கத்து எலும்புங்களுக்கு நடுவுல இறுக்கமா செருகி இருக்கறதால அது அசைஞ்சு கொடுக்காது, நடக்கும்போது வர்ற வளைவ அதோட தண்டும் கழுத்தும்தான் வாங்கிக்கும்.

நம்மாளுக்கு மூணாவது நாள் முன்பாதத்துல லேசா வலி, உக்காந்தா போயிடும், நடந்தா வரும். ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சும் பாதத்தோட மேல்பக்கம் வீக்கம், செருப்பு வார் பட்டாலே சுள்ளுங்குது. சாதாரண கால்வலின்னா பாதம் முழுக்க கடுகடுன்னு இருந்து ரெண்டு மூணு நாள்ல குறையும். இதுல ஒரே விரல் நுனியால அமுக்கினா அந்த எலும்பு மேல ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் துடிக்கிற மாதிரி வலிக்கும், அதுதான் பெரிய துப்பு. சுகர் இருக்கறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்து வராது, உணர்ச்சி கம்மியா இருக்கறதால வலியே இல்லாம வீங்கி சூடா இருக்கலாம், அப்ப வேற பெரிய எலும்புச் சேதமும் இருக்க வாய்ப்புண்டு, உடனே காட்டணும்.

அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தா பெரும்பாலும் நார்மல்னு வரும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, ரிப்போர்ட்ட நம்பி வலி மாத்திரை போட்டுட்டு மறுபடி வாக்கிங் கிளம்பிடுறாங்க, மெலிசா இருந்த கோடு முழு முறிவா ஆகிடுது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுத்தா எலும்பச் சுத்தி வெள்ளையா ஒரு திரட்சி தெரியும், அது புது எலும்பு கட்டுறதோட அடையாளம். அதுவரை பொறுக்க முடியலன்னா, இல்ல டாக்டருக்கே சந்தேகம்னா எம்ஆர்ஐ, அதுல எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கறது முதல் சில நாள்லயே தெரியும். எல்லாருக்கும் அது தேவைப்படாது, ஏன்னா ரெண்டாவது மூணாவது எலும்புன்னா ஸ்கேன் என்ன சொன்னாலும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வைத்தியம்னா மாவுக்கட்டு பெரும்பாலும் வேண்டாம், வளையாத கெட்டி அடி வச்ச செருப்போ வாக்கிங் பூட்ஸோ போட்டு பாரத்தக் குறைக்கறதுதான். பொதுவா 6ல இருந்து 8 வாரத்துல கூடிடும். நாள் எண்ணி மட்டும் முடிவு பண்ண முடியாது, அமுக்கினா அந்த இடத்துல வலி இருக்கக்கூடாது, சாதாரணமா நடந்தாலும் வலிக்கக்கூடாது, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா தூரத்த கூட்டணும். திரும்பத் திரும்ப வந்தா வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ரெண்டையும் பாக்கச் சொல்லுவாங்க.

சுண்டுவிரல் பக்கத்து அஞ்சாவது எலும்போட பின்பகுதி மட்டும் தனி. அங்க ரத்த ஓட்டம் கம்மி, கூடாமலே நின்னுடலாம், அதனால கால ஊனாம வாரக்கணக்குல கட்டுப் போடறதோ சில சமயம் ஸ்க்ரூ வச்சு ஆபரேஷனோ தேவைப்படும். வலி பாதத்தோட வெளிப்பக்க ஓரத்துல இருந்தா ரெண்டு வாரம் பாக்கலாம்னு விடாம எலும்பு டாக்டர்கிட்ட போயிடுங்க.