கெடு தவறுபவரிடம் பேசும் முன் பார்க்க வேண்டிய நான்கு தேதிகள்

இளநிலைப் பணியாளர் ஒருவர் கெடுவைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார் என்றால், அவரைக் கூப்பிடும் முன் அவருடைய கடைசி நான்கைந்து வேலைகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதிகளைக் குறியுங்கள்: வேலை கொடுத்த நாள், அவர் தொடங்கிய நாள், முடித்த நாள், தாமதமாகும் என்று முதலில் சொன்ன நாள். இந்த நான்காவது தேதியைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

ஒரு மாதாந்திர அறிக்கையை எடுத்துக்கொள்வோம். திங்களன்று கொடுத்தது, வெள்ளிக்கிழமை கெடு, கைக்கு வந்தது அடுத்த செவ்வாய். தேதிகளைப் பார்த்தால் அவர் திங்களன்றே தொடங்கியிருக்கிறார். செவ்வாயும் புதனும் கணக்குப் பிரிவு தர வேண்டிய எண்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். தாமதமாகும் என்று சொன்னதோ வெள்ளி மாலை. இவரிடம் போய் "இன்னும் பொறுப்பா இருங்க" என்றால், உழைத்தவருக்கு அது வலிக்கும். எதை மாற்றுவது என்பதும் புரியாது. புதன்கிழமையே தெரிந்ததை வெள்ளி வரை சொல்லாமல் இருந்ததுதான் இங்கே குறை.

அதை மட்டும் பேசுங்கள். தனியாக, நேரில், இருபது நிமிடம் போதும். அரட்டைச் செயலியில் எழுதினால் உங்கள் தொனி அவருக்குக் கேட்காது. பெரும்பாலும் கடுமையாகவே படிப்பார். தொடக்கம் இப்படி இருக்கலாம்: "போன மாசம் நாலு வேலையில மூணு கெடு தாண்டி வந்துச்சு. இந்த அறிக்கையில எண்கள் வரலைன்னு புதன்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்போ என்ன நடந்துச்சு, சொல்லுங்க." பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள். "ஏன் சொல்லல?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் நடந்தது வரும். பெரும்பாலும் அது, கேட்டால் திறமையில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கும். முன்பு யாராவது தாமதத்தைச் சொன்னபோது நீங்கள் முகம் சுளித்திருந்தால், அந்தப் பயத்தில் உங்கள் பங்கும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

பாராட்டு, குறை, மீண்டும் பாராட்டு என்று அடுக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. சிலருக்குப் பாராட்டு மட்டுமே காதில் விழும். மற்றவர்களுக்கு இனி எந்தப் பாராட்டும் சந்தேகமாகிவிடும்.

பேச்சு முடியும்போது ஒரே ஒரு மாற்றம் போதும்: கெடுவுக்கான நாட்களில் ஏறக்குறைய பாதி கழிந்ததும் அவரிடமிருந்து இரண்டு வரி தகவல். முடிந்தது என்ன, தடையாக நிற்பது என்ன. ஐந்து நாள் வேலைக்கு மூன்றாம் நாள் காலையில். தினமும் கேட்டால் அது கண்காணிப்பாகிவிடும். முதல் முறை அவர் தடையைச் சொல்லும்போது உடனே கணக்குப் பிரிவுக்கு நீங்களே பேசுங்கள். சொன்னால் பலன் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

மூன்று நான்கு வேலைகளுக்குப் பிறகு மறுபடி தேதிகளைப் பாருங்கள். தகவல் நேரத்துக்கு வந்தும் வேலை தாமதமானால், அவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றைக் கொடுத்தவர் நீங்களாக இருந்தால், எது முதலில், எது தள்ளிப்போகலாம் என்று சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.