தவணை குறைவு, கடைசியில் 3 லட்சம்: பலூன் கார் கடனின் கணக்கு

கார் கடன் பற்றி ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர் முதலில் பார்ப்பது மாதத் தவணையைத்தான். அண்மையில் வந்த ஒரு தம்பதியின் கையில் இரண்டு திட்டங்கள் இருந்தன. இரண்டுமே 10 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 5 வருடம். சாதாரணக் கடனுக்கு மாதம் 20,758 ரூபாய். பலூன் கடனுக்கு 16,781 ரூபாய்தான், ஆனால் 60ஆவது மாதம் தவணையோடு சேர்த்து 3 லட்சத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

“வட்டி விகிதம் ஒன்றுதானே சார், அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார் கணவர்.

பலூன் கடனை இரண்டாகப் பிரித்தால் விடை தெரிந்துவிடும். அதில் 7 லட்சம் வழக்கமான கடனைப் போல மாதாமாதம் குறைகிறது. அதற்கான தவணை 14,531 ரூபாய். மீதி 3 லட்சத்தில் 5 வருடமும் ஒரு ரூபாய் அசல்கூடக் குறையாது. அதற்கு வட்டி மட்டும் மாதம் 2,250 ரூபாய். இரண்டையும் கூட்டினால் அந்த 16,781 வந்துவிடுகிறது. சாதாரணக் கடனில் மொத்த வட்டி சுமார் 2.45 லட்சம், பலூனில் சுமார் 3.07 லட்சம். விகிதம் ஒன்றாக இருந்தும் 61,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

மிச்சமாகும் 3,977 ரூபாயை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டு 3 லட்சம் சேர்த்துவிடலாம் என்றும் யோசித்திருந்தார்கள். 6.5 சதவீத வட்டியில், வரி போவதற்கு முன்பே, அது சுமார் 2.8 லட்சம்தான் ஆகும். கடன் வட்டியான 9 சதவீதம் சேமிப்பிலும் கிடைத்தால்தான் கணக்கு நேராகும். அதுவும் ஒரு மாதம்கூட விடாமல் போட்டிருக்க வேண்டும். நான் பார்த்தவரை அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுச் செலவில் கலந்துவிடுகிறது. கடைசித் தொகைக்கு மறுபடி கடன் வாங்குகிறார்கள், அப்போது கார் பழைய காராகிவிட்டதால் வட்டியும் பெரும்பாலும் கூடுதல். 13 சதவீதம் என்று வைத்தால், 2 வருடத்துக்கு மாதம் சுமார் 14,260 ரூபாய், வட்டி மட்டும் இன்னும் 42,000.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நடுவில் காரை விற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பது. 3 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு சாதாரணக் கடனில் பாக்கி சுமார் 4.54 லட்சம், பலூனில் 6.18 லட்சம். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் தனி. கடனை முடித்து, என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை நீக்கினால்தான் வண்டியை வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியும். விற்கும் விலை 5.5 லட்சம் என்றால், சாதாரணக் கடன்காரர் கையில் பணம் மிஞ்சும். பலூன்காரர் கையிலிருந்து 68,000 போட வேண்டியிருக்கும்.

5 வருடத்துக்குள் உறுதியாக முதிர்வடையும் வைப்புத்தொகை போன்ற ஒன்று ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் திட்டத்தை நான் ஏற்கிறேன். சம்பளம் உயரும் என்ற எதிர்பார்ப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கையெழுத்துக்கு முன் கடன் தருபவர் கொடுக்கும் முக்கிய விவரத் தாளையும் தவணை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அட்டவணையின் கடைசி வரியையும் 36ஆவது வரியில் உள்ள அசல் பாக்கியையும் பாருங்கள். அந்தத் தம்பதி 36ஆவது வரியைப் பார்த்த பிறகு, 8 லட்சத்துக்குள் அடங்கும் சிறிய காரைச் சாதாரணக் கடனில் எடுத்தார்கள். தவணை 16,607 ரூபாய்.