பாட்டி பலகாரம் எல்லை தாண்டியபோது

கொழிஞ்சாம்பாறையில் ஜிஎஸ்டி, உணவு லைசென்ஸ், டிரேட்மார்க் விண்ணப்பம் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருப் பேச்சில் தமிழ்தான் அதிகம். இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் சித்தூரும் பாலக்காடும். இங்கே ஒரு கடைக்குப் பெயர் வைத்தால் தமிழர் ஒரு மாதிரி படிப்பார், மலையாளி ஒரு மாதிரி படிப்பார். இரண்டு பேரும் போனில் தட்டுவதோ ஆங்கில எழுத்து.

போன வருடம் ஒரு அக்கா வந்தார். மாமியார் கைப்பக்குவத்தில் முறுக்கு, தட்டை, சீடை சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். பெயர் 'பாட்டி பலகாரம்'. தமிழில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் Patti Palagaram என்று இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். நானும் அதையே பார்த்து ஜிஎஸ்டி விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. "சார், பாலக்காட்டுல பேக்கரிக்காரர் பாக்கெட்டைப் பாத்துட்டு ஒரே சிரிப்புங்க. பட்டிப் பலகாரமான்னு கேக்கறாருங்க."

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நமக்குப் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி, இல்லாவிட்டால் ஊர்ப் பெயரின் வால். ஆங்கிலத்தில் எழுதும்போது பாட்டியின் நெடில் காணாமல் போய்விடுகிறது. Patti என்பதைப் பாட்டி என்று படிப்பதா, பட்டி என்று படிப்பதா என்று அந்த எழுத்தே சொல்லாது. தமிழர் பாட்டி என்று ஊகித்துக்கொள்வார், மலையாளி நாயைத்தான் பார்ப்பார். பதினைந்து வருடமாக இரண்டு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கே அது உறைக்கவில்லை. தமிழ்ப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் படித்ததுதான் என் தப்பு.

"Paatti-ன்னு இன்னொரு a போட்டுக்கலாமுங்களா?" என்றார் அக்கா. போடலாம், ஸ்டிக்கரில் அது சரியாக இருக்கும். ஆனால் பெயரைக் காதால் கேட்டவர் தேடும்போது ஒரு a-தான் தட்டுவார். அம்மா, ராஜா, காவேரி எதற்குமே நாம் இரண்டு a தட்டிப் பழகவில்லை.

பெயரின் இரண்டாவது பாதி இன்னும் மோசம். தமிழில் 'க' ஒரே எழுத்து. அது சொல்லின் நடுவே வரும்போது வாயில் g ஆகவும் h ஆகவும் மெலியும். மலையாளத்தில் இதே சொல் பலஹாரம். ஆக Palagaram, Palakaram, Palaharam மூன்றுமே நியாயமான எழுத்துகள்தான். சித்தூர்க் கடைக்காரர் ஒருவர் Palaharam என்று செக் எழுதிக் கொடுக்க, கணக்கு வேறு எழுத்தில் இருந்ததால் வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. எழுத்து மாறினால் பணம் நிற்கும் என்பதை அக்கா அன்றுதான் நம்பினார்.

எங்கள் பக்கத்தில் tt-யைக் கண்டாலே எனக்குப் பயம். கேரளத்துச் சித்தூரை மலையாளத்தில் 'ற்ற' போட்டு எழுதுவார்கள், ஆந்திரத்துச் சித்தூரைத் தெலுங்கில் 'த்த' போட்டு எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே tt. தமிழர் அதையே 'ட்ட' என்று படிப்பார். 'வெற்றி' என்று பெயர் வைக்கிறவர் மலையாள வழக்கப்படி Vetti என்று எழுதிவிட்டால், பொள்ளாச்சிக்காரருக்கு அது வெட்டி ஆபீஸ். zh விஷயம் வேறு: தமிழரும் மலையாளியும் அதை ழ என்றே படிப்பார்கள். ஆனால் இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. நகரி, சித்தூர்ப் பக்கம் சரக்கு அனுப்புகிறவர்கள் ழ உள்ள பெயரைத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் அக்காவோடு உட்கார்ந்து பத்துப் பேருக்குப் போன் போட்டோம். ஐந்து பேர் தமிழ், ஐந்து பேர் மலையாளம், யாருக்கும் கடை தெரியாது. பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொன்னோம். எழுத்துக்கூட்டிச் சொல்லவே கூடாது, அதுதான் இந்தச் சோதனையின் உயிர். பழைய பெயருக்கு ஏழு விதமான எழுத்து வந்தது. இதைத் திருப்பியும் செய்ய வேண்டும்: பெயரைக் கேட்டிராத வேறு ஆட்களிடம் ஆங்கில எழுத்தை மட்டும் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். நாய் மாட்டுவது இந்த இரண்டாவது பாதியில்தான். மறுநாள் போன் செய்து "நேத்து சொன்ன கடைப் பேர் என்னங்க?" என்று கேட்டால் மூன்றாவது சோதனையும் முடிந்தது.

புதிய பெயரை மாமியாரே கொடுத்தார். கொங்குப் பக்கம் பெண்களை அம்மிணி என்று கூப்பிடுவோம். மலையாளத்தில் அம்மிணி என்பது வீட்டுப் பெண்களின் செல்லப்பெயர். முறுக்கு இரண்டு மொழியிலும் முறுக்குதான். Ammini Murukku என்று வைத்து மறுபடி பத்துப் பேரிடம் சோதித்ததில் எட்டுப் பேர் அப்படியே எழுதினார்கள், ஒருவர் Ammani, ஒருவர் Amini. படிக்கச் சொன்னபோது யாரும் தடுமாறவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

சொல்ல எளிதான பெயருக்கு ஒரு சங்கடம் உண்டு: அது இன்னொருவர் மனதிலும் முன்பே தோன்றியிருக்கும். எழுத்தை மட்டும் Ammyni என்று திருகினால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிரேட்மார்க்கில் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதையும் பார்ப்பார்கள். அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை என்று சுப்ரீம் கோர்ட் 1962-இலேயே சொல்லிவிட்டது. அதனால் டிரேட்மார்க் பதிவேட்டின் பொதுத் தேடலில் Wordmark மட்டும் பார்த்து நிறுத்தாமல் Phonetic தேடலையும் போட வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு, முறுக்குக்கு 30-ஆம் வகுப்பு. நேந்திரங்காய் சிப்ஸும் போடுவதாக இருந்தால் 29-ஐயும் பார்க்க வேண்டும். 'முறுக்கு' என்பது சரக்கின் பெயர், அதற்குத் தனி உரிமை கிடைக்காது. காப்பாற்ற வேண்டியது முதல் சொல்லைத்தான். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தமிழ் எழுத்தில் பதிய நினைத்தால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டியில் பெயர் மாற்றம் அவ்வளவு கஷ்டமில்லை, ஆனால் தானாக நடக்காது. தனிநபர் தொழிலில் சட்டப் பெயர் பான் கார்டில் உள்ளதுதான், அது அப்படியே இருக்கும். மாறுவது வணிகப் பெயர். அதற்கு மாற்றம் நடந்த 15 நாளுக்குள் REG-14 படிவம் போட வேண்டும், அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். பிறகு உணவு லைசென்ஸ், கரண்ட் அக்கவுண்ட், க்யூஆர் ஸ்டாண்ட், பாக்கெட் லேபிள் என்று ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்தாக மாற்ற வேண்டும். நான் ஒரு துண்டுச் சீட்டில் Ammini Murukku என்று பெரிதாக எழுதிக் கொடுத்து, எந்தப் படிவமானாலும் இதைப் பார்த்தே எழுதுங்கள் என்றேன்.

நல்லவேளை, கவரில் நேராக அச்சடிக்கவில்லை, வெறும் ஸ்டிக்கர். மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சத்தின் பின்பக்கம் அக்கா பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.