ஒரே குழிக் கல், இரண்டு குணம்

சுவரோரம் விரலால் தேய்த்தேன். மிளகாய்த்தூள் மாதிரி செம்பொடி உதிர்ந்தது. வீடு கட்டி எட்டு வருடம்கூட ஆகவில்லை. தரையிலிருந்து மூன்று வரிசைக் கற்கள் வெளிப்பூச்சோடு சேர்ந்து உப்பி நின்றன. நாலாவது வரிசையிலிருந்து மேலே சாவியால் கீறினாலும் கோடு விழாத கல். "ஒரே குழியில வெட்டுன கல்தான் சார், ஒரே லாரியில வந்துச்சு" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது உண்மைதான். சிக்கலும் அதில்தான் இருந்தது.

செம்புரைக்கல், செம்பூராங்கல், மலையாளத்தில் வெட்டுகல்லு. பொறியியல் புத்தகங்களில் லேட்டரைட். கல் என்று சொல்கிறோமே தவிர, கருங்கல் பாறை என்பது போல இதைப் பாறை என்று சொல்லிவிட முடியாது. பாறை மக்கி மண்ணாகும் வழியில், இரும்புத் துரு பிடித்து இறுகிப்போன ஒரு நிலை இது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எந்தக் கல்லை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், லேசான சரிவுள்ள ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது கருங்கல்லோ எரிமலைப் பாறையோ, எதுவானாலும் சரி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையின் விரிசல்களில் இறங்குகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் கனிமங்கள் வேகமாகச் சிதையும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் முதலில் கரைந்து ஓடிவிடுகின்றன. அவற்றின் பின்னால், மெதுவாக, சிலிக்காவும் போகிறது. இரும்பும் அலுமினியமும் அந்தத் தண்ணீரில் சுலபமாகக் கரையாதவை என்பதால் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. செங்குத்தான சரிவாக இருந்தால் மக்கிய மண்ணை மழையே அடித்துக்கொண்டு போய்விடும், இவ்வளவு தூரம் வராது. அதனால்தான் தட்டையான மேடுகளில் இந்தக் கல் அதிகம் கிடைக்கிறது. இதெல்லாம் சில நூறு வருட வேலை கிடையாது, லட்சக்கணக்கில் ஆகும்.

ஆனால் இரும்பு தங்கினால் மட்டும் கல் கிடைத்துவிடாது, செம்மண்தான் கிடைக்கும். கல்லாக்குவது நிலத்தடி நீரின் ஏற்றமும் இறக்கமும்தான். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறி மண்ணை மூழ்கடிக்கும்போது அங்கே காற்று இருக்காது. அந்த நிலையில் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி, தண்ணீரோடு கொஞ்சம் நகர்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் துளைகளில் காற்று நுழைகிறது, கரைந்திருந்த இரும்பு துருவாகி அங்கேயே படிகிறது. அடுத்த மழை, அடுத்த கோடை. இப்படி வருடா வருடம் படிந்து படிந்து துருவால் ஆன ஒரு கூடு எழும்புகிறது. கல்லை உடைத்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும்: கருஞ்சிவப்பில் தேன்கூடு போன்ற சட்டம், அதன் பொந்துகளில் மஞ்சளும் வெள்ளையுமாகக் களிமண். சுமையைத் தாங்குவது அந்தச் சட்டம்தான், களிமண் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது குழிக்குள் இறங்கிப் பார்ப்போம். மேலே கெட்டியான ஓடு. அதன் கீழே சில மீட்டர் ஆழத்துக்கு நல்ல தேன்கூட்டுக் கல். அப்புறம் நிறம் மாறத் தொடங்கும், சிவப்புக்கு நடுவே வெள்ளையும் ரோஜா நிறமுமாகத் திட்டுகள் வரும். இன்னும் கீழே போனால் வருடம் முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் வெளிறிய களிமண். அங்கிருந்த இரும்பு கழுவிக்கொண்டு போய்விட்டது. இந்த மாற்றம் கோடு கிழித்தாற்போல வராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கல் வெட்டுபவர் எந்த ஆழத்தில் நிறுத்துகிறார் என்பதுதான் உங்கள் சுவரின் ஆயுள்.

கோடாலியால் வெட்டிய காலத்தில் அது தானாகத் தெரிந்துவிடும். கை சொல்லிவிடும், இனி மண்தான் என்று. இப்போது தண்டவாளத்தில் ஓடும் வட்ட ரம்பம் மேல்கல்லையும் அடிக்கல்லையும் ஒரே மாதிரி வழுவழுப்பாக அறுத்துத் தள்ளுகிறது. முகத்தைப் பார்த்து ஏமாறுவது இப்போதுதான் சுலபம்.

இந்தக் கல்லை முதலில் ஊன்றிக் கவனித்து எழுதியவர் ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் அவர் பார்த்தது இதுதான்: நிலத்தில் இருக்கும்போது இரும்புக் கருவியால் சுலபமாக வெட்ட வருகிறது, வெட்டிக் காற்றுப்பட விட்டால் செங்கல் போல இறுகிவிடுகிறது. செங்கல்லுக்கு லத்தீனில் 'லேட்டர்' என்பதால் லேட்டரைட் என்று பெயர் வைத்து 1807-இல் அச்சேற்றினார். அந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறது.

வெட்டும்போது மென்மை, பிறகு கெட்டி. இந்த ஒரு குணத்துக்காகத்தான் மக்கள் இதைக் கட்டடக் கல்லாக எடுத்துக்கொண்டார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். செங்கல்லைவிடப் பெரிய அளவில் அறுக்கலாம், அதனால் இணைப்புகள் குறையும், சாந்தும் மிச்சம். சொரசொரப்பான முகத்தில் பூச்சு நன்றாகப் பிடிக்கும். கம்போடியாவில் அங்கோர் கோயில்களைக் கட்டியவர்கள் சிற்பம் செதுக்கும் இடத்துக்கு மணற்கல்லை வைத்துக்கொண்டு, அடித்தளத்துக்கும் மதிலுக்கும் இந்தக் கல்லைப் போட்டார்கள். சரியான பங்கீடு. பொந்துக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்க முடியாது. வளைவு விசையையும் தாங்காது என்பதால் வாசல் மேல் உத்தரமாகப் போடவும் கூடாது.

சரி, ஏன் இறுகுகிறது? புதிதாக வெட்டிய கல்லில் இரும்பின் ஒரு பகுதி ஈரத்தோடு சேர்ந்து, முழுதாகப் படிகமாகாத நிலையில் இருக்கும். காயும்போது நீரை இழந்து படிகமாகி, பக்கத்துத் துகள்களைக் கவ்விக்கொள்கிறது. பிறகு நனைந்தாலும் அந்தக் கவ்வல் விடாது. ஆனால் களிமண்ணுக்கு இந்த வித்தை கிடையாது. காய்ந்தால் கெட்டியாகத் தெரியும், நனைந்தால் மறுபடியும் குழையும். வெட்டிய கல்லைக் குறைந்தது மூன்று மாதம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும் என்பது நல்ல விதிதான். ஆனால் அடிக்கல்லை மூன்று வருடம் அடுக்கி வைத்தாலும் அது மேல்கல் ஆகாது. இறுகுவதற்கு அதனிடம் இரும்பு வேண்டுமே.

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். வீட்டுக்காரரின் பயம், கல்லுக்குப் பலம் போதாமல் சுவர் நசுங்குகிறதோ என்பது. கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3620 இந்தக் கல்லுக்குக் கேட்கும் நசுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். அவர் வீட்டில் ஒரு மாடிதான். கூரையும் சுவரின் சொந்த எடையும் சேர்ந்து, 19 செ.மீ. தடிமன் சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 25 கிலோநியூட்டன் இறங்குகிறது. பரப்பால் வகுத்தால் 0.13 நியூட்டன்தான் வரும். கல் நசுங்கப் போவதில்லை. பிரச்சினை தண்ணீர்.

கட்டும்போது மிஞ்சிய கற்கள் கொல்லையில் கிடந்தன. இரண்டை எடுத்தோம், இரண்டும் 39 × 19 × 19 செ.மீ. அளவு. ஒன்றில் சிவப்புச் சட்டம் நெருக்கமாக இருந்தது, இன்னொன்றில் ரோஜா நிறத் திட்டு. எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து நிறுத்தோம்: முதல் கல் 28 கிலோ, இரண்டாவது 25. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து, மறுபடி நிறுத்தோம். முதல் கல் 30.6 கிலோ, அதாவது 9 சதவீதம் சொச்சம் குடித்திருக்கிறது. இரண்டாவது 30.2, கிட்டத்தட்ட 21 சதவீதம். தரநிலை அனுமதிப்பது 12 வரைதான். அதிகாரபூர்வச் சோதனையில் உலையில் காயவைப்பார்கள். ஆனால் வீட்டுத் தராசிலேயே வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஆய்வகத்துக்கு ஓடத் தேவையில்லை.

இரண்டாவது கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. மூலையை உளியால் தட்டினால் முதல் கல் 'டங்' என்றது, இது 'தொப்' என்றது. அனுபவமுள்ள மேஸ்திரிக்கு இந்தச் சத்தமே போதும்.

மீதியை ஊகிப்பது கஷ்டமில்லை. குழியில் கடைசியாக வெட்டிய கல் லாரியில் கடைசியாக ஏறும், இறக்கும்போது முதலில் கைக்கு வரும். அதுவே சுவரின் அடி வரிசையாகிவிட்டது. கீழே கருங்கல் அடிமானம் தரைமட்டத்தோடு நின்றுவிட்டது, ஈரம் ஏறாமல் தடுக்கும் படலமும் போடவில்லை. மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது, கூரை விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் தெறிக்கிறது. இது போதாதென்று, உதிர ஆரம்பித்ததும் யாரோ சொன்ன யோசனைப்படி கெட்டியான சிமென்ட் பூச்சைத் தடிமனாக அடித்து மூடியிருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், கூடவே வந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் சேர்த்து வைத்து, கல்லின் முகத்தையே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அதற்காகப் பூச்சே வேண்டாம் என்று போவதும் தப்பு. பழைய கோவாவில் உள்ள பொம் ஜேசு தேவாலயம் லேட்டரைட்டால் கட்டி, சுண்ணாம்புப் பூச்சால் மூடியிருந்த கட்டடம். 1950-களில் வெளிப்பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் செம்புரைக்கல்லை வெளியே காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பூச்சு தாங்கிக்கொண்டிருந்த மழையை அன்றிலிருந்து கல்லே நேரடியாகத் தாங்குகிறது. மறுபடி பூச வேண்டுமா, இப்படியே விட வேண்டுமா என்ற வாக்குவாதம் நெடுநாளாக நடக்கிறது. என்னைக் கேட்டால் பூச வேண்டும், அதுவும் சுண்ணாம்பில்.

எங்கள் வேலைக்குச் சுவரை இடிக்கத் தேவைப்படவில்லை. மேலே உள்ள சுமையை முட்டுக் கொடுத்துத் தாங்கி, ஒரு மீட்டர் எடுத்தால் அடுத்த மீட்டரை விட்டுவிட்டு, மாற்றி மாற்றி அடி மூன்று வரிசைகளைக் கழற்றினோம். அந்த இடத்தில் ஈரத்தடுப்புப் படலம் விரித்து, கருங்கல் வைத்துக் கட்டினோம். புதுச் சாந்து கெட்டியான பிறகே விட்டுவைத்த மீட்டர்களில் கை வைத்தோம். சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, சுவர் ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கூரை விளிம்பை நீட்டி, தெறிப்பு சுவருக்கு வராமல் பார்த்துக்கொண்டோம்.

கழற்றிய கற்களில் ஒன்றை மேஸ்திரி தொட்டியிலேயே போட்டு வைத்திருந்தார். நாலாம் நாள் தூக்கப் போனபோது அதன் ஒரு மூலை மட்டும் கையோடு வந்தது.