ரெண்டரை மீட்டர் அலைன்னா எத்தனை மீட்டர்?

எங்க ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். புயல் சின்னம், காத்தழுத்தம்னு ஏதாவது வந்துட்டா கடல் பத்தின எச்சரிக்கை அறிக்கைய படிச்சு, தொழிலுக்கு போறவங்களுக்கு புரியற மாதிரி நாலு வரியா சுருக்கி போன்ல அனுப்பற வேலைய கொஞ்ச வருஷமா நான் பாத்துட்டு இருக்கேன். ஆரம்பத்துல இது ரொம்ப லேசான வேலைனு நெனச்சேன், கஷ்டமான வார்த்தைய எடுத்துட்டு ஈஸியான வார்த்தைய போட்டா முடிஞ்சுதுனு. அப்படி போட்டு நான் பண்ண ஒரு தப்புல இருந்துதான் இத எழுதறேன்.

அறிக்கை எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்காக அந்த நடையில நானே ஒண்ணு எழுதறேன்:

“கடலூர் கடலோரப் பகுதியில் குறிப்பிடத்தக்க அலை உயரம் 2.5 மீட்டர், அலைக்காலம் 11 விநாடி. கடல் கொந்தளிப்புடன் காணப்படும். புயல் எழுச்சி வானியல் ஓதத்திற்கு மேல் சுமார் 0.5 மீட்டர். ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்யக்கூடும்.”

இதுல முதல் வரிய நான் அப்போ “அலை ரெண்டரை மீட்டர் வரைக்கும் வரும்”னு சுருக்கி அனுப்பிட்டேன். ‘குறிப்பிடத்தக்க’ங்கறது சும்மா அலங்காரமா இருக்குனு தூக்கிட்டேன், ‘வரைக்கும்’னு ஒண்ண நானா சேத்துட்டேன். பைபர் போட் வச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் மறுநாள் கூப்ட்டு, “தம்பி, ரெண்டரைனு சொன்ன, வெளிய நாலுக்கு மேல ஒண்ணு வந்துச்சுப்பா, அறிக்கை தப்பா இல்ல நீ சொன்னது தப்பா?”ன்னு கேட்டார். அறிக்கை சரி. நான் சொன்னதுதான் தப்பு.

ஏன்னு சொல்றேன். கடல்ல ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு உயரம். அதனால “இன்னைக்கு அலை எவ்ளோ”னு ஒரே நம்பர்ல சொல்லணும்னா ஏதாவது ஒரு கணக்கு வேணும். ஒம்போது அலை வரிசையா வருதுனு வச்சுக்குங்க, மீட்டர்ல 1.2, 0.6, 2.5, 1.0, 1.6, 3.0, 0.8, 2.0, 1.4. இதுல பெருசா இருக்கற மூணுல ஒரு பங்க மட்டும் எடுக்கணும், அதாவது 3.0, 2.5, 2.0. இந்த மூணுக்கும் சராசரி எடுத்தா 2.5. இதுதான் குறிப்பிடத்தக்க அலை உயரம். ஒம்போதையும் கூட்டி வகுத்தா 1.6 கிட்ட வரும், அதுதான் நெஜமான சராசரி. ஆக அறிக்கையில இருக்கற நம்பர் எல்லா அலையோட சராசரியும் கெடையாது, உச்சமும் கெடையாது, நடுவுல ஒரு எடத்துல நிக்குது.

ஒம்போது அலை நான் கைக்கணக்குக்கு வச்சது. கடல்ல ரெண்டு மூணு மணி நேரத்துல ஆயிரம் அலை போயிரும். வெளிக்கடல்ல அலை உயரங்கள் எப்படி பரவி இருக்கும்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க, அதுபடி பாத்தா ஏழு அலைக்கு ஒரு அலை அந்த 2.5அ தாண்டும், ஆயிரத்துல பெரிய ஒரு அலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், நம்ம கணக்குல நாலரை மீட்டருக்கு மேல. பெரியவர் பாத்தது அதுல ஒண்ணுதான். அறிக்கை எழுதினவங்களுக்கு அது அதிசயமே இல்ல, அந்த நம்பருக்குள்ளயே அது அடங்கி இருக்கு. நான் ‘வரைக்கும்’னு போட்ட ஒரு வார்த்தையில அத வெட்டி எறிஞ்சுட்டேன்.

சரி, அப்போ எளிமையா எப்படி சொல்றது? “பெரிய மூணில் ஒரு பங்கு அலைகளின் சராசரி”னு எழுதினா சரியாதான் இருக்கும், ஆனா காலையில நாலு மணிக்கு எஞ்சின தூக்கிட்டு கரைக்கு போறவருக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. இங்கதான் அந்த அளவோட வரலாறு எனக்கு ஒதவுச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல படகுல போய் கரையில படைய எறக்கறதுக்கு அலை எப்படி இருக்கும்னு முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்துச்சு, அமெரிக்காவுல ஸ்வெர்ட்ரூப், மங்க்னு ரெண்டு கடல் விஞ்ஞானிகள் அந்த வேலைய செஞ்சாங்க. அனுபவப்பட்ட கடலோடிகிட்ட “அலை எவ்ளோ”னு கேட்டா அவர் கண்ணு சின்ன அலைய எல்லாம் கணக்குல எடுக்காது, பெருசு பெருசா வர்றதத்தான் பாத்து சொல்வார், அப்படி அவர் சொல்ற உயரமும் இந்த மூணுல ஒரு பங்கு சராசரியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. அப்போ இந்த கடினமான வார்த்தைக்கு நம்மாளுங்க பாஷையிலயே நேரான அர்த்தம் இருக்கு! “பழகின ஆளு கண்ணால பாத்து சொல்ற அலை உயரம்.” இது எளிமையும்கூட, தப்பும் இல்ல. அதோட உச்சத்த தனியா ஒரு வாக்கியமா சேக்கணும், ஏன்னா படகு கவுறது சராசரி அலையில இல்ல.

அலைக்காலம் 11 விநாடிய நான் முன்னாடி விட்டே விட்டுட்டேன், ரொம்ப டெக்னிக்கல்னு. ஆனா விடக்கூடாத விஷயம் அது. ஒரு அலை போயி அடுத்தது வர்ற இடைவெளிதான் அது. ஆழமான தண்ணியில 6 விநாடி அலைக்கு முகட்டுக்கு முகடு ஒரு 56 மீட்டர் இருக்கும், 11 விநாடின்னா 190 மீட்டர் கிட்ட போயிரும். அவ்ளோ நீளமான அலை வெளிய சாதுவா தூக்கி எறக்கிட்டு போகும், ஆழம் கொறைஞ்ச எடத்துக்கு வந்ததும்தான் எழும்பி ஒடையும். “அலைக்கு அலை 11 விநாடி இடைவெளி, நீட்ட அலை, வெளிய தெரியாது, கரைகிட்டயும் முகத்துவாரத்துலயும் ஒசந்து ஒடையும்”னு எழுதினா கடலுக்கு போறவங்களுக்கு வேற வெளக்கமே தேவையில்ல. சுருக்கத்துல நீளம் கூடறது எனக்கும் உறுத்துச்சுதான், ஆனாலும் அறிக்கையில இருக்கற ஒரு நம்பர் என்ன முடிவ மாத்தும்னு பாத்துட்டுதான் அத விடலாமா வச்சுக்கலாமானு இப்போ முடிவு பண்றேன்.

அடுத்து புயல் எழுச்சி. “0.5 மீட்டர்”ங்கறத பாத்துட்டு “அரை மீட்டர் அலை”னு சுருக்கறவங்கள நான் பாத்திருக்கேன். அரை மீட்டர் அலைனா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. இது அலையே கெடையாது, காத்து தள்றதாலயும் காத்தழுத்தம் கொறையறதாலயும் கடல் மட்டமே மொத்தமா ஒசர்றது, அந்த ஒசந்த மட்டத்து மேலதான் மத்த அலை எல்லாம் ஏறி வரும். ‘வானியல் ஓதத்திற்கு மேல்’ங்கறதும் முக்கியம், நிலா சூரியனால தெனமும் நடக்கற ஏத்த வத்தம் இருக்குல்ல, அதுக்கு மேல இன்னொரு அரை மீட்டர். அதனால ஏத்த நேரத்துல புயல் கரைய தொட்டா ஒரு மாதிரி, வத்த நேரத்துல தொட்டா வேற மாதிரி. நான் எழுதறது இப்படி: “கடல் மட்டமே வழக்கமான ஏத்தத்துக்கு மேல அரை மீட்டர் ஒசரும், அலை அதுக்கு மேல வரும், மணல்ல ஏத்தி வச்சிருக்கற போட்ட இன்னும் மேல இழுத்து கட்டுங்க.” கடைசி துண்டு அறிக்கையில இல்ல, அது நான் சேத்த யோசனை, அதனால அத தனி வரியா “இது எங்க யோசனை”னு சொல்லித்தான் அனுப்புவேன். அறிக்கை சொன்னதும் நம்ம சொன்னதும் கலந்துட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது.

இதெல்லாம் கடினமான வார்த்தைங்க, பாத்ததுமே உஷாராயிடுவோம். எனக்கு ரொம்ப பயமா இருக்கறது ஏற்கனவே எளிமையா தெரியற வார்த்தைங்கதான். ‘கொந்தளிப்பு’னா நம்ம பேச்சுல எதுவேணா இருக்கலாம், அறிக்கையில அது 2.5ல இருந்து 4 மீட்டர், ‘மிகுந்த கொந்தளிப்பு’னா 4ல இருந்து 6. நல்லா இருக்கேனு அத ‘சீற்றம்’னு மாத்தினா படிக்கறவங்களுக்கு எந்தப் படினு தெரியாம போயிரும். மழையும் அப்படித்தான், ‘மிக கனமழை’ங்கறது 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 12 செ.மீ.ல இருந்து 20 செ.மீ., அதுக்கு மேல போனா ‘அதி கனமழை’. ‘அதி’க்கு மேல் எல்லை கெடையாது, 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்தப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல பெஞ்சதும் அதே வார்த்தைக்குள்ளதான் வரும். ‘ஓரிரு இடங்களில்’னா ரெண்டு ஊருனு அர்த்தமில்ல, அந்தப் பகுதியில மழை அளக்கற நிலையங்கள்ல நாலுல ஒரு பங்கு வரைக்கும். இந்த மாதிரி வார்த்தைய நான் மாத்தவே மாட்டேன், அப்படியே வச்சு பக்கத்துல அளவ எழுதிடுவேன். நாளைக்கு ரேடியோவுலயும் அதே வார்த்தையத்தான் கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணுனு தெரியணும்.

சில நேரம் எதிர்ப்பக்கமும் நடக்கும். கேரளா, கன்னியாகுமரி பக்கம் காத்தே இல்லாத நாள்ல தூரத்துல இருந்து வர்ற நீட்ட அலை கரைக்குள்ள புகுந்துடும், அத மீனவங்க ‘கள்ளக்கடல்’னு சொல்வாங்க, திருடன் மாதிரி சொல்லாம வர்றதால. விஞ்ஞானிகள் அந்தப் பேரயே எடுத்துக்கிட்டாங்க, 2012ல யுனெஸ்கோ அத முறையான சொல்லா ஏத்துக்கிச்சு. கரையில பொறந்த வார்த்தை சரியா பொருந்தினா அறிக்கைக்குள்ளயே போயிருது.

சுருக்கம் சரியா வந்திருக்கானு பாக்க நான் பண்றது ஒண்ணுதான். அசல் அறிக்கைய பாக்காத ஒருத்தர்கிட்ட என் சுருக்கத்த குடுத்து, “புரியுதா”னு கேக்க மாட்டேன், எல்லாரும் புரியுதுனுதான் சொல்வாங்க. அதுக்கு பதிலா கேள்வி கேப்பேன், இதுக்கு மேல ஒசரமா அலை வருமா, அரை மீட்டர்னது எது, இது எந்த எடத்துக்கு சொன்னதுனு. அவர் பதில எடுத்து அசலோட வச்சு பாப்பேன். எங்க ஒத்துப்போகலயோ அங்க என் வார்த்தை தப்பு.

அதே பெரியவர்கிட்ட புது சுருக்கத்த குடுத்து இப்படி கேட்டேன். அலை பத்தி சரியா சொன்னார், மட்டம் பத்தியும் சரியா சொன்னார். மூணாவது கேள்விக்கு, “முகத்துவாரத்துல தான் சொல்ற, அங்கதான நான் வெளிய போவேன்”னார். அலை உயரம் 2.5ங்கறது ஆழமான தண்ணிக்கு போட்ட கணக்கு, ரெண்டு மடங்குங்கறதும் அங்கதான் பொருந்தும். மணல் திட்டு மேல ஏறி ஒடையற எடத்துல அலை வேற, ஆழம் எவ்ளோ, ஆத்துத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுங்கறத பொறுத்து அது மாறும், அறிக்கை அதுக்கு நம்பர் குடுக்கவே இல்ல. அறிக்கையில அது சொல்லாமலே புரிஞ்ச விஷயம், என் சுருக்கத்துல யாருக்கும் புரியாத விஷயம். திரும்பவும் ஒக்காந்து எழுதினேன், இப்போ அலைக்கு மட்டும் இப்படி போகுது:

“வெளிக்கடல்ல அலை, பழகினவங்க கண்ணுக்கு ரெண்டரை மீட்டர் தெரியும். ஏழுல ஒண்ணு அதுக்கு மேல. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு நாலரைக்கு மேலயும் வரலாம். அலைக்கு அலை 11 விநாடி, நீட்ட அலை. இந்தக் கணக்கு முகத்துவாரத்துக்கு இல்ல, அங்க எவ்ளோன்னு அறிக்கை சொல்லல.”