தலாமஸ்: பெயரும் பொருளும்

கிரேக்கத்தில் 'தலமோஸ்' என்றால் வீட்டின் உள்ளறை, குறிப்பாகப் படுக்கையறை. மருத்துவர் கேலன் மூளையைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைக் கையாண்டார். 'உள்ளறை' என்றே தமிழாக்கினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் கெட்டியானது. முட்டை வடிவில், சுமார் 3 செ.மீ. நீளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. பாடநூல் வழக்கான 'தலாமஸ்' போதும். ஆனால் அதிலுள்ள நியூக்ளியஸை 'உட்கரு' என்றால் செல்லின் உட்கருவோடு குழம்பிவிடும். ஒரே வேலைக்கெனக் கூடிய நரம்பணுக்கள் என்பதால் 'நரம்பணுத் திரள்' என்பதே பொருந்தும்.

பார்வை, கேள்வி, தொடுஉணர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திரள் உண்டு. தொடுஉணர்வில் முகத்துக்கு ஒரு திரள், கை, கால், உடலுக்கு அதை ஒட்டியே இன்னொன்று. ராயபுரத்தில் கடை நடத்தும் அறுபது வயதுக்காரர் ஒருவர், பல வருடமாக பிரஷர் உள்ளவர், காலையில் எழுந்ததும் "இடது பக்கம் பூரா மரத்துப்போச்சு டாக்டர்" என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கை, கால் பலம் குறையவில்லை, பேச்சும் தெளிவு. நெற்றி முதல் பாதம் வரை, உடலின் நடுக்கோடு வரை, இடப்பக்கம் முழுதும் உணர்வு மங்கியிருக்கிறது. அந்த இரண்டு திரள்களும் நெருங்கி இருப்பதால், இடப்பக்க உணர்வு வந்து சேரும் வலது தலாமஸில், இரத்தக்குழாய் அடைபட்டு 15 மி.மீ.க்கும் குறைவான இடம் கெட்டாலே இதற்குப் போதும். முதல் சில மணி நேர சி.டி.யில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிவிடும். சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து மரத்த இடத்திலேயே எரிச்சலான வலி தொடங்கும். 1906இல் நரம்பியல் மருத்துவர்கள் டெஜெரினும் ரூசியும் விவரித்த வலி இது. காயம் மூளையில் இருப்பதால் வழக்கமான வலி மாத்திரைகள் கேட்பதில்லை. மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை முயல்வார்கள்.

உணர்வுச் செய்திகளை மூளையின் மேலடுக்கான புறணிக்கு அனுப்புவதால் தலாமஸை 'அஞ்சல் நிலையம்' என்பது பாதி சரி. பார்வைத் திரளில் விழித்திரையிலிருந்து வரும் இணைப்புகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூளைப் புறணியிலிருந்து திரும்பி வருபவை அவற்றைவிட மிக அதிகம். எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதும் இங்கேதான் முடிவாகிறது. வாசனை மட்டும் தலாமஸுக்குப் போகாமலேயே, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவைத் தொட்டுவிடும்.

தலாமஸின் முன்புறத் திரள் உணர்ச்சி, நினைவு சார்ந்த லிம்பிக் மண்டலத்தைச் சேர்ந்தது. லத்தீனில் 'லிம்பஸ்' என்றால் விளிம்பு; 1878இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 'லிம்பிக் மடல்' என்று வைத்த பெயரிலிருந்து வந்தது. 'விளிம்பு மண்டலம்' நல்ல தமிழ். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலிருந்து மாமிலரி முடிச்சு, அங்கிருந்து முன்புறத் திரள், பிறகு சிங்குலேட் மடிப்பு, மறுபடி ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சுற்று ஓடுகிறது. 1937இல் நரம்பியல் அறிஞர் பேப்பஸ் இதை உணர்ச்சியின் பாதை என்றார். இன்று இது நினைவின் பாதையாகவே அதிகம் அறியப்படுகிறது. அச்சம் போன்ற உணர்ச்சியை நினைவோடு பிணைப்பதில் ஹிப்போகாம்பஸை ஒட்டியிருக்கும் அமிக்டலாவுக்கே பெரும்பங்கு.

நீண்டகாலக் குடியால் தயாமின் என்ற பி1 வைட்டமின் குறையும்போது அடிபடுவது இந்தச் சுற்றுதான். பழைய சங்கதி நினைவிருக்கும், பத்து நிமிடத்துக்கு முன் வந்தவர் யாரென்று தெரியாது. இல்லாததை நடந்ததாகச் சொல்வார். அதனால்தான் குடியால் மெலிந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன்போ அதனுடனோ தயாமின் ஊசி போடுகிறார்கள். குளுக்கோஸை எரிக்கத் தயாமின் தேவை. குளுக்கோஸ் மட்டும் போனால் மிச்சமிருக்கும் தயாமினும் தீர்ந்துவிடும்.